க்யூ.எம். லெக்சரை மீன்முள் படமாக்குவது: ஒரு சின்ன பவுண்டரியை வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

க்யூ.எம்., அதாவது தர மேலாண்மை லெக்சர் நோட்ஸ் கையில இருக்கு. மேன், மெஷின், மெட்டீரியல், மெத்தட், மெஷர்மென்ட், மதர் நேச்சர்ங்கற சூழல்னு ஆறு எம் தலைப்பையும் போட்டு, நோட்ஸ்ல இருக்கறத பிரிச்சு எழுதிட்டா ஃபிஷ்போன் ஆகிடாதா?

படம் வந்துவிடும், ஆனால் எந்த ஆலையின் பெயரை மேலே எழுதினாலும் பொருந்துகிற படமாக இருக்கும். அங்கேதான் சிக்கல். 'மெட்டீரியல்' எலும்பில் 'தரமற்ற மூலப்பொருள்', 'மெஷின்' எலும்பில் 'பராமரிப்பு இல்லை', 'மேன்' எலும்பில் 'பயிற்சிக் குறைவு' என்று எழுதிய தாளை ஒரு பவுண்டரி சூப்பர்வைசரிடம் நீட்டினால், நாளைக் காலை அவர் எதைப் போய்ப் பார்ப்பார்? லெக்சர் பொதுவானது, அப்படித்தான் இருக்க முடியும். மீன்முள் படம் ஒரே ஒரு குறையைப் பற்றியது: மீனின் தலையில் அந்தக் குறை, எலும்புகளில் அதன் காரணங்கள். அதனால் லெக்சரில் உள்ள ஒவ்வொரு வாக்கியத்தையும் தளத்தில் போய்க் கேட்கக்கூடிய ஒரு கேள்வியாக மாற்றுங்கள். படத்தில் கிளையாக ஏறுவது அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில். நோட்ஸில் இருந்த வாக்கியம் அப்படியே படத்துக்குப் போகக்கூடாது.

கவோரு இஷிகாவா 1943இல் கவாசாகி இரும்பாலையில் பொறியாளர்களுக்கு விளக்கும்போது இந்தப் படத்தைப் போட்டதும், பல காரணிகள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்து நிற்கின்றன என்று காட்டத்தான்.

எந்த மாதிரி ஆலையை எடுத்துக்கறது?

நான் எடுத்துக்கொள்வது கோயம்புத்தூர்ப் பக்கத்துச் சின்ன பவுண்டரி ஒன்றை. மோனோபிளாக் பம்பின் வெளிக்கூடான கேசிங்கை வார்க்கிறார்கள். சாம்பல் வார்ப்பிரும்பு, ஈர மணல் அச்சு, உள்வெற்றிடம் வருவதற்காக அச்சுக்குள் வைக்கிற மணல் கட்டிதான் கோர், இங்கே அது கார்பன் டை ஆக்சைடு ஊதி இறுக்கிய சோடியம் சிலிகேட் கோர். ஒரு நாளைக்கு 100 கேசிங், வாரம் ஆறு நாள் வேலை. இது விளக்கத்துக்காக நான் கட்டிய மாதிரி ஆலை, எண்களும் மாதிரிக்குத்தான். வேலை நடக்கிற விதமும் குறைகள் வருகிற விதமும் எந்த ஈர மணல் பவுண்டரியிலும் பார்க்கக் கூடியவை.

தலையில என்ன எழுதணும்? "ரிஜெக்‌ஷன் அதிகம்"னு போடலாமா?

வேண்டாம். 'ரிஜெக்‌ஷன்' என்பது பல குறைகள் சேர்ந்த மூட்டை. அதைத் தலையில் வைத்தால் மணல் சொருகல், சுருக்கக் குழி, அச்சு விலகல் எல்லாவற்றின் காரணங்களும் ஒரே முதுகெலும்பில் வந்து ஏறி, படம் முள்காடாகிவிடும்.

எந்தக் குறை அதிகம் என்று வரிசைப்படுத்திக் காட்டும் பரேட்டோ படத்தை லெக்சரில் நடத்தியிருப்பார்கள் இல்லையா, அதைத் தனிக் கருவியாகப் பார்க்காமல் மீன் தலையை எழுதப் பயன்படுத்துங்கள். நம் ஆலையில் ஒரு வாரம் 600 கேசிங் வார்த்ததில் 48 ரிஜெக்ட். அதில் 31 ப்ளோ ஹோல், அதாவது வாயு வெளியேற வழியில்லாமல் இரும்புக்குள் மாட்டிக்கொண்டதால் வந்த ஓட்டை. மீதி 17 மற்ற குறைகள். அப்படியென்றால் தலை ப்ளோ ஹோல்தான், ஆனால் அதுவும் போதாது. எங்கே வருகிறது, எப்போது கண்ணில் படுகிறது என்று மெஷின் ஷாப்பில் கேட்டால், பெரும்பாலும் அச்சின் மேல்பெட்டிப் பக்கம் வரும் ஃபிளாஞ்சில், அதாவது பூட்டும் விளிம்பில், கடைசலில் முதல் வெட்டு எடுத்த பிறகு என்பார்கள். இப்போது தலை இப்படி ஆகிறது: 'பம்பு கேசிங்கின் மேல்பெட்டிப் பக்க ஃபிளாஞ்சில் முதல் வெட்டுக்குப் பின் தெரியும் ப்ளோ ஹோல், வாரம் 600க்கு 31.'

இப்படி எழுதியவுடனே சில சந்தேகங்கள் தானாக ஒதுங்கிவிடும். வாயு மேலே ஏறுவது, அதனால் மேல்பக்கம் ஓட்டை வருவதில் ஆச்சரியமில்லை. அந்த வாயு எங்கிருந்து வந்தது, ஏன் வெளியேறவில்லை என்ற இரண்டு கேள்வியோடு நின்றுவிடலாம்.

லெக்சர்ல டெமிங்கோட 14 அம்சம், பிடிசிஏ, தரச் செலவுன்னு நிறைய இருக்கு. இதெல்லாம் படத்துல எங்க போகும்?

பாதி எங்கேயும் போகாது. வரலாறு, வரையறை, தரச் செலவு வகைகள், இவையெல்லாம் தேர்வுக்கு. தயங்காமல் விட்டுவிடுங்கள்.

ஆனால் டெமிங்கின் அம்சங்களைப் பலர் சுவரில் ஒட்டுகிற வாசகம் மாதிரி நினைத்து விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரிகிறது. விலையை மட்டும் பார்த்து வாங்காதே என்பது 4ஆவது. அதைக் கேள்வியாக்கினால், 'பெண்டோனைட் களிமண்ணும் பழைய இரும்பும் கடைசியாக எப்போது கடை மாறின, மாறிய பிறகு மணலுக்குத் தண்ணீர் கூடுதலாகத் தேவைப்பட்டதா?' என்று வரும். எண்ணிக்கை இலக்கை ஒழி என்பது 11ஆவது. அது, 'அச்சு போடுகிற மோல்டருக்குக் கூலி பெட்டிக் கணக்கிலா, அப்படியென்றால் கம்பி குத்திக் காற்றுத் துளை போட அவருக்கு நேரம் இருக்கிறதா?' என்று மாறும். பயத்தை விரட்டு என்ற 8ஆவது, 'பிசிறு வெட்டும் இடத்திலேயே கண்ணில் படுகிற ஓட்டையை யாராவது புட்டி வைத்து அடைத்து அனுப்புகிறார்களா?' என்று ஆகும். இந்தக் கடைசிக் கேள்வியை முதலாளி பக்கத்தில் நிற்கும்போது கேட்காதீர்கள், பதில் வராது.

ஆறு எம்-மும் கட்டாயமா? எங்க சார் ஒண்ணு விட்டாலும் மார்க் குறைப்பார்.

மார்க்குக்காக என்றால் ஆறையும் போடுங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆலைக்காக என்றால் வேறு வழியும் உண்டு. இஷிகாவாவே காரண வகைப்படி வரைவதோடு, செய்முறைப் படிகளையே எலும்பாக வைத்து வரைகிற வகையையும் சொல்லியிருக்கிறார். நம் பவுண்டரிக்கு மணல் கலப்பது, அச்சு போடுவது, கோர் செய்வதும் வைத்திருப்பதும், உருக்குவது, ஊற்றுவது, பரிசோதிப்பது என்று எலும்பு வைத்தால் அந்தந்த வேலைக்காரர் தன் எலும்பை உடனே அடையாளம் கண்டுகொண்டு பேச ஆரம்பிப்பார். 'மெத்தட்' எலும்பைக் காட்டிக் கேட்டால் யாருக்கும் அது தன்னுடையது என்று தோன்றாது.

நான் செய்வது: படிகளை எலும்பாக வைத்துப் பேச்சைக் கேட்டு எழுதிவிட்டு, அப்புறம் ஆறு எம்-மையும் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பேன், ஏதாவது விடுபட்டதா என்று. சூழல் எலும்பு பெரும்பாலும் விடுபட்டிருக்கும், மழை மாதத்தில் நோட்ஸ் எடுத்திருந்தால் மட்டும் இருக்கும்.

ஒரு எலும்பை முழுசா எழுதிக் காட்டுங்களேன். கிளைக்கு கிளை எப்படிப் போறது?

கோர் எலும்பை எடுக்கிறேன், அதில்தான் விஷயம் அதிகம். லெக்சர் வாக்கியம், 'பொருளைச் சேமிக்கும் முறை தரத்தைப் பாதிக்கும்.' இதைக் கேள்வியாக்கினால், 'கோர் செய்ததிலிருந்து பெட்டிக்குள் போகிற வரை எங்கே இருக்கிறது, எவ்வளவு நேரம்?' கோர் போடுகிறவர் சொல்லுவார்: சனிக்கிழமை மாலை திங்களுக்கும் சேர்த்துப் போட்டுவிடுவோம், ஷெட் ஓரத்தில் பலகை மேல் அடுக்கி வைப்போம். ஏன் சனிக்கிழமையே? திங்கள் காலை 8 மணிக்கு மோல்டர்கள் வந்து நிற்பார்கள், கோர் இல்லையென்றால் பெட்டி நிற்கும். ஏன் திங்கள் காலையில் முன்னதாக வந்து போட முடியாது? கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் மாற்றித் தருகிற ஆள் 10 மணிக்குத்தான் வருவார்.

ஐந்து முறை ஏன் என்று கேட்பது இதுதான், ஐந்து என்ற எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். ஆலையே மாற்றக்கூடிய ஒன்று வந்ததும் நிறுத்தலாம். சிலிகேட் கோருக்குக் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு, வைத்திருக்க வைத்திருக்க வலுவும் குறையும். ஈரம் ஏறிய கோரைச் சுற்றி உருகிய இரும்பு வந்தால் அந்த ஈரம் நீராவியாகும். இப்படி எழுதலாம்:

```
கோர்
  ஈரத்தோடு பெட்டிக்குள் போகிறது
    சனிக்கிழமை போட்டது திங்கள் வரை திறந்து கிடக்கிறது
      திங்கள் காலை சிலிண்டர் 10 மணிக்குத்தான் வருகிறது
    பூச்சு பூசிய பின் உலர்த்தாமல் அடுக்குகிறார்கள்
  வாயு வெளியேற வழியில்லை
    கோர் துளையைப் பசை அடைத்திருக்கிறது
```

ஒவ்வொரு வரியும் போய்ப் பார்த்து ஆமாம், இல்லை என்று சொல்லக்கூடிய நிலையாக இருப்பதைக் கவனியுங்கள். 'கோர் தரம்' என்று ஒரு கிளை போட்டால் அதைப் போய்ப் பார்க்க முடியாது.

மேன் எலும்புல "கவனக்குறைவு", "அலட்சியம்"னு எல்லாரும் எழுதறாங்க, அது தப்பா?

அதை எழுதியதும் விசாரணை அங்கேயே முடிந்துவிடுகிறது. மோல்டர் காற்றுத் துளை போடவில்லை என்றால் அதுதான் கிளை. அதற்கு அடியில் இன்னும் தோண்டுங்கள்: துளைக் கம்பி அந்த வரிசையில் இருக்கிறதா, ஒரு பெட்டிக்கு எத்தனை துளை என்று யாராவது காட்டினார்களா, பெட்டிக்குத்தான் கூலி, துளைக்கு இல்லை என்பதாலா? இதில் ஏதாவது ஒன்றைச் சரிசெய்ய முடியும். அலட்சியத்தைச் சரிசெய்யத் தெரிந்தவர் யாரையும் நான் இதுவரை பார்த்ததில்லை, திட்டத் தெரிந்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

மெஷர்மென்ட் எலும்புல போட ஒண்ணுமே கிடைக்கல. காலியா விடலாமா?

விடாதீர்கள், அதை முதலில் நிரப்ப வேண்டும் என்றே சொல்வேன். மூன்று இடம் பாருங்கள்.

முதலாவது, குறையின் பெயர். ஓட்டையைப் பார்த்ததும் எல்லாவற்றையும் ப்ளோ ஹோல் என்று எழுதிவிடுகிறார்களா? ஓட்டையின் உட்சுவர் வழவழப்பாக, உருண்டையாக இருந்தால் வாயு. சொரசொரப்பாக, படிகம் படிகமாக இருந்தால் அது இரும்பு உறையும்போது சுருங்கி வந்த குழி, அதற்குக் காரணங்களே வேறு, சுருங்கும் இடத்துக்கு இரும்பு ஊட்டும் ரைசர் பக்கம் போக வேண்டியது. உள்ளே மணல் துகள் இருந்தால் அதுவும் வேறு. 31இல் பத்து சுருக்கக் குழியாக இருந்துவிட்டால் உங்கள் படம் தவறான மீனுக்கு வரைந்த படம்.

இரண்டாவது, மணலின் ஈரம். பதிவேட்டில் 3.5 சதவீதம் என்று இருக்கும், நல்ல அளவுதான். ஆனால் மாதிரி எப்போது எடுத்தார்கள்? மல்லர் என்கிற கலவை இயந்திரத்தில் மணல் கலந்து கொட்டிய உடனேயா, இல்லை மோல்டர் கையில் எடுக்கும்போதா? நடுவில் மணல் குவியலாகக் கிடக்கும் நேரத்தில் அது காய்ந்து, மோல்டர் தண்ணீர்க் குவளையை எடுத்துத் தெளித்திருந்தால் பதிவேட்டு எண்ணுக்கும் அச்சுக்கும் சம்பந்தமில்லை.

மூன்றாவது, ஊற்றும்போது இரும்பின் சூடு. உலையில் அளந்த எண் உலைக்குத்தான். உருகிய இரும்பை ஏந்திப் போகும் லேடிலில் ஒரு தடவைக்கு ஐந்து பெட்டி ஊற்றினால் கடைசிப் பெட்டிக்குப் போகும்போது சூடு எவ்வளவு இறங்கியிருக்கும் என்று பெரும்பாலான சின்ன ஆலைகளில் அளப்பதில்லை. இரும்பு ஆறிப் போயிருந்தால் வாயு வெளியேறுவதற்கு முன்பே மேல்தோல் உறைந்துவிடும்.

படம் முடிஞ்சது, முப்பது கிளைக்கு மேல இருக்கு. இதுல எது உண்மையான காரணம்னு குழுவுல ஓட்டு போட்டு எடுக்கலாமா?

எதை முதலில் சோதிப்பது என்று முடிவு செய்ய ஓட்டு போடலாம். எது காரணம் என்பதை ஓட்டால் முடிவு செய்ய முடியாது. படத்தில் உள்ள அத்தனையும் சந்தேகப் பட்டியல், அவ்வளவுதான்.

ஓட்டுக்கு முன்னால் இருக்கிற கணக்கைப் பிரித்துப் பாருங்கள். லெக்சரில் 'அடுக்காகப் பிரித்தல்' என்று ஏழு கருவிகளில் ஒன்றாக வந்திருக்கும், கடந்து போயிருப்பீர்கள். நம் 31 ஓட்டையைக் கிழமை வாரியாகப் பிரித்தால் திங்கள் 100க்கு 15, மற்ற ஐந்து நாளும் சேர்த்து 500க்கு 16. அதாவது திங்கள் 15 சதவீதம், மற்ற நாள் 3 சதவீதம் சொச்சம். இது கிடைத்தவுடன் படத்தில் 'எல்லா நாளும் ஒரே மாதிரி' இருக்கிற கிளைகளுக்கு, உதாரணமாக அச்சுக்கு வடிவம் தரும் பேட்டர்னின் வடிவமைப்புக்கு, திங்கள் உயர்வை விளக்கும் தகுதி போய்விடுகிறது. அவை மீதி 3 சதவீதத்துக்குக் காரணமாக இருக்கலாம், அது வேறு.

இந்தப் பிரிப்பு முடிய வேண்டுமென்றால் காஸ்டிங்கில் தேதியும் லேடில் எண்ணும் பெட்டி வரிசையும் இருக்க வேண்டும். பேட்டர்னில் மாற்றிப் போடக்கூடிய எழுத்துத் தகடு வைத்தால் போதும், வார்ப்பிலேயே பதிந்து வந்துவிடும். சுண்ணக்கட்டி அடையாளம், இரும்புக் குண்டு அடித்துச் சுத்தம் செய்யும் ஷாட் பிளாஸ்டில் போய்விடும்.

அப்போ திங்கள்தான்னா பழைய கோர்தான் காரணம், முடிஞ்சது இல்லையா?

இல்லை, இங்கேதான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். திங்களுக்கு வேறு எதெல்லாம் வித்தியாசம் என்று படத்தைத் திரும்பப் பாருங்கள். கோர் இரண்டு இரவு கிடந்தது, சரி. மணலும் ஞாயிறு முழுக்கச் சும்மா கிடந்து மேலே காய்ந்திருக்கும், திங்கள் காலை தண்ணீர் தாறுமாறாகச் சேரும். லேடிலும் ஆறிக் கிடந்தது, அதன் உள்பூச்சு ஈரத்தை வாங்கியிருக்கும், சரியாகச் சூடேற்றாமல் முதல் இரும்பை வாங்கினால் அதிலிருந்தும் வாயு வரும். மூன்றுக்கும் திங்கள்தான் அடையாளம்.

முதலில் செலவில்லாத ஒரு சோதனை. சனிக்கிழமை மாலை பத்து கோரை எண் போட்டுத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள், திங்கள் காலை அதே பத்தையும் நிறுங்கள். எடை ஏறியிருந்தால் ஈரம் ஏறியிருக்கிறது. வெயில் காலத்தில் எடை இறங்கக்கூட செய்யலாம், அதனால் குறை வந்த அதே பருவத்தில் செய்ய வேண்டும். இது கோரில் ஈரம் ஏறுகிறது என்பதை மட்டும்தான் காட்டும், ஓட்டைக்கு அதுதான் காரணம் என்று காட்டாது.

அதற்கு அடுத்த சோதனை: அடுத்த திங்கள் மட்டும் எப்படியாவது முதல் நாளே சிலிண்டர் வாங்கி வைத்து, காலையில் 30 புதுக் கோர் போடச் சொல்லுங்கள். சனிக்கிழமைக் கோர் 30. அதே மணல், அதே லேடில், ஒரு பெட்டி பழையது, ஒரு பெட்டி புதியது என்று மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். அடுத்த லேடிலில் வரிசையைத் திருப்பிப் போடுங்கள், இல்லையென்றால் கடைசிப் பெட்டிக்கு எப்போதும் ஒரே வகைக் கோர் மாட்டும். மெஷின் ஷாப் பரிசோதகரிடம் எது எது என்று சொல்லக் கூடாது. மணலும் லேடிலும் இரண்டுக்கும் பொது என்பதால், வித்தியாசம் வந்தால் அது கோரால் வந்தது.

பழையதில் 6, புதியதில் 1 என்று வந்தது என வைத்துக்கொள்வோம். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் 30க்கு 30 என்ற சின்ன எண்ணிக்கையில் இந்த அளவு வித்தியாசம் சும்மாவும் வரலாம். இன்னொரு திங்கள் திரும்பச் செய்யுங்கள். இரண்டும் சேர்த்து 60க்கு 11, 60க்கு 2 என்று வந்தால் தற்செயல் என்று தள்ளிவிடுவது கஷ்டம். அப்புறம்தான் அந்தக் கிளைக்கு வட்டம் போடலாம்.

ஒரே காரணம் ரெண்டு எலும்புல வருது, என்ன செய்யறது?

இரண்டிலும் எழுதுங்கள், ஒன்றும் ஆகாது. லேடில் ஈரம் உருக்கும் எலும்பிலும் ஊற்றும் எலும்பிலும் வரலாம். ஐந்தாறு தடவை ஒரே விஷயம் திரும்ப வந்தால் மட்டும் எலும்பு பிரித்த விதம் சரியில்லை என்று பொருள்.

இதை எதுல வரையறது? சாஃப்ட்வேர் வேணுமா?

தளத்தில் சார்ட் பேப்பரும் ஒட்டுத் தாளும்தான் வசதி, பேசும்போதே இடம் மாற்றலாம். ஒப்படைக்க வேண்டிய தாளுக்கு, மேலே போட்ட மாதிரி உள்ளே தள்ளி எழுதிய பட்டியலை முதலில் முடித்துவிட்டு, கடைசியில் ஏதாவது ஒரு வரைபடச் செயலியில் கோடாக மாற்றுங்கள். கோடு போட்டுக்கொண்டே யோசித்தால் படம் அழகாக இருக்க வேண்டும் என்பதற்காகவே எலும்புக்கு மூன்று கிளை என்று சமமாக நிரப்பத் தோன்றும். கோர் எலும்பு நீளமாகவும் உருக்கும் எலும்பு இரண்டே கிளையோடும் இருப்பது இயல்பு.

கோரைச் சரி பண்ணியாச்சு, திங்கள் குறைஞ்சிடுச்சு, ஆனா 3 சதவீதம் அப்படியே இருக்கே. படம் தப்பா?

படம் தப்பில்லை, அந்த 3 சதவீதத்துக்கு வேறு காரணம். மற்ற நாள் வந்த 16 ஓட்டையைப் பெட்டி வரிசைப்படி பிரியுங்கள். ஒரு லேடிலுக்கு ஐந்து பெட்டி என்றால் 500இல் கடைசிப் பெட்டி 100. அதில் 9, மீதி 400இல் 7 என்று வந்தால் ஊற்றும் எலும்பில் 'கடைசிப் பெட்டிக்கு இரும்பு ஆறிவிடுகிறது' என்ற கிளை அடுத்த சோதனைக்கு வரும். கடைசிப் பெட்டியை ஊற்றும் நேரத்தில் லேடிலில் தெர்மோகப்பிள் வைத்து அளந்து பாருங்கள். ஒரு லேடிலுக்கு நான்கு பெட்டி என்று இரண்டு நாள் மாற்றியும் பார்க்கலாம், செலவு என்று பார்த்தால் உலைக்கும் அச்சு வரிசைக்கும் இன்னும் சில நடைதான்.

இதில் மீன்முள் படத்தால் காட்ட முடியாத ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கிளையும் தனித்தனியாகத் தலைக்குப் போகிற மாதிரிதான் படம் இருக்கும். நிஜத்தில் ஈரமான கோரைச் சுற்றி நல்ல சூடான இரும்பு வந்தால் நீராவி தப்பித்துவிடலாம், அதே கோர் கடைசிப் பெட்டியில் இருந்தால் ஓட்டை விழலாம். இதைப் பார்க்கத் தனியாக நான்கு கட்டம் போடுங்கள்: பழைய கோரும் முன்பெட்டியும், பழைய கோரும் கடைசிப் பெட்டியும், புதுக் கோரும் முன்பெட்டியும், புதுக் கோரும் கடைசிப் பெட்டியும். கோர் சோதனையில் பெட்டி வரிசையைக் குறித்து வைத்திருந்தால் அந்த 120 கேசிங்கையும் இந்தக் கட்டங்களில் போட்டுவிடலாம், புதிதாக எதையும் வார்க்க வேண்டியதில்லை. ஒரு கட்டத்துக்குப் பன்னிரண்டு கேசிங்தான் தேறும் இடமும் உண்டு என்பதால் அதை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள், அடுத்து எந்தச் சோதனை என்று முடிவு செய்ய அது போதும்.